சுவரில் பூக்கும் உப்பு

பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சுவர் பொரிந்து, வெள்ளையாக மாவு படிந்திருக்கும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைக்கிறார்கள். துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் கரைந்துவிடும். கரைந்தால் அது உப்பு.

செங்கல், மணல், சிமென்ட், உப்புத்தன்மையுள்ள போர்த் தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு. அஸ்திவாரம் வழியாக ஏறும் ஈரம் அதைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. பூச்சுக்குள்ளேயே அது படிகமானால் பூச்சை உடைத்து உதிர்க்கும்.

ஆகவே உப்பை மட்டும் துடைத்துப் பயனில்லை. ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி பார்க்க வேண்டும்.

புது வீடு கட்டுபவர்கள் செங்கலைச் சோதிக்கலாம். தட்டில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றி, செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் வற்றியதும் செங்கல் காயட்டும். மீண்டும் ஒருமுறை அவ்வளவே ஊற்றி வற்றவிடுங்கள். பாதிக்கு மேல் வெள்ளை படிந்தால் அந்தச் செங்கல் வேண்டாம். கடல் மணலையும் உப்புத் தண்ணீரையும் தவிர்த்து, அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படுகை போடச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு அதைப் போடுவது மிகக் கடினம்.