ஒரே பெயரில் பலர்: உரியவரை அடையாளம் காட்டுவது எப்படி?

"அப்துல் காதர் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்கவும்." நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், "எந்த அப்துல் காதர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்கக்கூடியவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் மய்யித்துக்கு எப்போதோ கடன் கொடுத்துவிட்டு இப்போது வெளியூரில் இருப்பவர், "நமக்குத் தெரிந்த அப்துல் காதராக இருக்காது" என்று நினைத்து விட்டுவிடுவார். கடன் அடைக்கப்படாமலே நின்றுவிடும்.

நபிமார்கள், ஸஹாபாக்கள், நல்லோர்களின் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். எனவே ஒரே பெயரில் பலர் இருப்பது நம் சமுதாயத்தில் தவிர்க்க முடியாதது, அது குறையும் அல்ல. ஆனால் அந்தப் பலருள் உரியவர் கண்டுபிடிக்கப்பட வேண்டுமானால் பெயரோடு வேறு அடையாளங்களும் சேர வேண்டும். இதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். ஓர் அறிவிப்பாளர் நம்பகமானவரா, பலவீனமானவரா என்று சொல்வதற்கு முன் அவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும் அல்லவா?

இந்தத் துறையில் பெரும் பணி செய்தவர் ஹிஜ்ரி 463-ல் மறைந்த அல்கதீப் அல்பக்தாதீ (ரஹ்). ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு நபர்களைப் பிரித்துக் காட்ட 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்ற நூலை எழுதினார்கள். பல பெயர்களில் அழைக்கப்படும் ஒரே நபரை வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணுவது போன்ற தவறுகளுக்கு வேறொரு நூல் எழுதினார்கள். இரண்டு பேரை ஒருவராக்குவது, ஒருவரை இரண்டு பேராக்குவது என்ற இந்த இரண்டு தவறுகளும் இன்று நம் வீடுகளிலும் நடக்கின்றன.

பிரபலமானவர் மற்றவரை மறைத்துவிடுவார்

அனஸ் இப்னு மாலிக் (ரலி) என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர், மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அன்ஸாரித் தோழர்தான். ஆனால் அதே பெயரில், தந்தை பெயரும் ஒன்றாகவே அமைந்த இன்னொரு ஸஹாபியும் இருந்தார்கள். அவர் பனூ கஅப் கோத்திரத்தைச் சேர்ந்தவர். பயணிக்குப் பாதித் தொழுகையும் நோன்பும் தளர்த்தப்பட்டதைப் பற்றிய ஒரு ஹதீஸ் அவர் வழியாக வருகிறது.

அந்த ஹதீஸில் அவர் தம் வரலாற்றையும் சொல்கிறார். நபி (ஸல்) அவர்களின் குதிரைப் படை தம் கூட்டத்தார் மீது வந்ததையும், தாம் நபியவர்களிடம் சென்றபோது அவர்கள் உணவருந்திக்கொண்டிருந்ததையும், சாப்பிட அழைத்ததையும் கூறுகிறார். அன்ஸாரித் தோழரோ சிறு வயதிலிருந்தே நபியவர்களின் வீட்டில் இருந்தவர். அவருக்கு இந்த நிகழ்ச்சி எப்படிப் பொருந்தும்? பெயர் ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை பொருந்தவில்லை என்றால் ஆள் வேறு என்பதற்கு அது நல்ல சான்று. அபூதாவூத் போன்ற நூல்களில் வரும் அறிவிப்பு, 'அப்துல்லாஹ் இப்னு கஅப் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர்' என்று அடையாளத்தையும் சேர்த்தே தருகிறது. அந்த ஒரு சொற்றொடர் இல்லாவிட்டால் அந்த ஸஹாபி, பிரபலமான அனஸ் (ரலி) அவர்களின் பெயருக்குள் காணாமல் போயிருப்பார்.

தந்தை பெயரும் போதாதபோது

"இனிஷியல் இருக்கிறதே" என்று நாம் நினைக்கலாம். ஹதீஸ் நூல்களில் இதற்கொரு வியப்பான உதாரணம் உண்டு. ஒரே காலத்தில் அஹ்மத் இப்னு ஜஅஃபர் இப்னு ஹம்தான் என்ற பெயரில் நான்கு அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். சொந்தப் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் மூன்றும் ஒன்று. அதுமட்டுமல்ல, நால்வருமே 'அப்துல்லாஹ்' என்ற பெயருள்ள ஆசிரியரிடமிருந்து அறிவிக்கிறார்கள்!

இவர்களைப் பிரிப்பது ஊர்ப் பெயரும் இடப் பெயரும்தான். ஒருவர் கதீஈ. பக்தாதில் 'கதீஆ' என்று அழைக்கப்பட்ட ஒரு குடியிருப்புப் பகுதியால் வந்த பெயர் அது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத் நூலை அவர்களின் மகனார் அப்துல்லாஹ்விடமிருந்து அறிவித்தவர் இவர்தான். மற்றவர் ஸகதீ, பஸ்ராவைச் சேர்ந்தவர். இன்னொருவர் தீனவரைச் சேர்ந்த தீனவரீ. நான்காமவர் தர்சூஸைச் சேர்ந்த தர்சூஸீ. ஊர்ப் பெயர் தெரிந்துவிட்டால், ஒவ்வொருவரின் ஆசிரியரான அப்துல்லாஹ் எந்த அப்துல்லாஹ் என்பதும் தெளிவாகிவிடும்.

இதிலிருந்து அவர்கள் பயன்படுத்திய அடையாளங்களை நாம் புரிந்துகொள்ளலாம். சொந்தப் பெயர், தந்தை-பாட்டனார் தொடர், 'இன்னாரின் தந்தை' என்ற குன்யத், சிறப்புப் பெயர், ஊர் அல்லது கோத்திரப் பெயர் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று ஒத்துப்போனால் அடுத்தது பிரித்துவிடும். நம் தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. 'இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா' என்ற பெயரைப் பாருங்கள். சிறப்புப் பெயர், ஊர், இனிஷியல், சொந்தப் பெயர் என எல்லாமே அதில் இருக்கின்றன. எத்தனை ஹனிபாக்கள் இருந்தாலும் அவரைத் தேடுபவர் தவறமாட்டார்.

தேடுபவர் வெளியிலிருந்து வருகிறார்

ஆரம்ப கால அறிஞர் ஒருவர் சொன்ன விளக்கம் பிரபலமானது. தந்தை பெயரில்லாமல் 'அப்துல்லாஹ்' என்று மட்டும் சொன்னால் மக்காவில் அது இப்னு ஸுபைர் (ரலி), மதீனாவில் இப்னு உமர் (ரலி), கூஃபாவில் இப்னு மஸ்ஊத் (ரலி), பஸ்ராவில் இப்னு அப்பாஸ் (ரலி), குராசானில் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களைக் குறிக்கும். ஒவ்வோர் ஊராருக்கும் தங்கள் அப்துல்லாஹ் யார் என்பது தெரியும். ஊர் தாண்டி வருபவருக்குத்தான் தெரியாது.

நம் அறிவிப்புகள் குழப்புவதும் இதனால்தான். எழுதுபவர் தம் தெருவை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறார். செய்தியோ சென்னை, துபாய், கோலாலம்பூர் வரை போகிறது. உதாரணத்துக்கு, தொடக்கத்தில் சொன்ன அறிவிப்பை இப்படி எழுதிப் பார்ப்போம்:

"தெற்குத் தெரு, மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் அவர்களின் மகனும், ஜமால் முஹம்மது, சிராஜுத்தீன் ஆகியோரின் தகப்பனாரும், முன்பு பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தவருமான அப்துல் காதர் (வயது 71) அவர்கள்..."

தந்தை பெயர் பழைய தலைமுறைக்கு அடையாளம் காட்டும். பிள்ளைகளின் பெயர்கள் அவர்களோடு படித்தவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் அடையாளம் காட்டும். கடன் கொடுத்தவருக்குத் தெரு தெரியாவிட்டாலும் கடை தெரியும். வயது, அதே தெருவிலுள்ள இளைய அப்துல் காதரைப் பிரித்துவிடும். குழுவில் அனுப்பும்போது ஊர்ப் பெயரையும் தேதியையும் சேருங்கள். தேதியில்லாத அறிவிப்பு ஓராண்டு கழித்தும் சுற்றிவந்து, உயிரோடிருக்கும் வேறொருவரின் குடும்பத்தைப் பதற வைக்கும்.

ஒருவரே இருவராகும் ஆபத்து

இப்போது இரண்டாவது தவறுக்கு வருவோம். அல்கல்பீ என்ற அறிவிப்பாளர் ஹதீஸ் அறிஞர்களால் கைவிடப்பட்டவர். அதிய்யா என்பவர் அவரிடம் கேட்டதை அவர் பெயரைச் சொல்லாமல் 'அபூஸயீத்' என்று குன்யத்தால் அறிவித்தார் என்றும், கேட்டவர்கள் அதை ஸஹாபியான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) என்று எண்ணிக்கொண்டார்கள் என்றும் அறிவிப்பாளர் ஆய்வு நூல்கள் பதிவு செய்கின்றன. ஒருவருக்கு இடத்துக்கொரு பெயர் இருந்தால் விளைவு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

நம்மிடம் இது எழுத்தில் நடக்கிறது. பள்ளிச் சான்றிதழில் Mohamed, ஆதாரில் Mohammed, வங்கியில் Mohd, பாஸ்போர்ட்டில் Muhammad. நமக்கு எல்லாம் ஒரே பெயர். கணினிக்கு நான்கு பெயர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது தந்தை பெயர் கடைசியில் வந்துவிட்டால், வளைகுடாவில் மகனைத் தந்தை பெயரால் அழைப்பதும் பலர் கண்ட அனுபவம். ஊரில் இஸ்மாயில், அங்கே அப்துல் காதர். அவருக்கு ஏதாவது ஆகி, மருத்துவமனையில் ஊர்க்காரர்கள் 'இஸ்மாயில்' என்று விசாரித்தால் அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வரலாம்.

எனவே பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதையே பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர், தம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியான முழுப் பெயரை வீட்டாரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. திருமணத்துக்குப் பின் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறுவதால், சான்றிதழில் ஒரு ஃபாத்திமாவும் ரேஷன் அட்டையில் வேறொரு ஃபாத்திமாவுமாக அவர்கள் ஆகிவிடுகிறார்கள். தந்தையர் பெயரோடு சேர்த்து அழைக்கும்படி அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-வது வசனம் கட்டளையிடுகிறது. மார்க்கத்தில் திருமணத்துக்காகப் பெண் தன் தந்தை பெயரை விட வேண்டியதில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டால், பாகப்பிரிவினையின்போது 'இன்னாரின் மகள் இவர்தான்' என்று நிரூபிக்கும் சிரமமும் குறையும்.

எதைச் சேர்க்கக் கூடாது?

அடையாளம் என்ற பெயரில் ஒருவரைப் புண்படுத்தக் கூடாது. பட்டப்பெயர் சூட்டி இழிவாக அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் தடுக்கிறது. அதே நேரத்தில் அஃமஷ் (பார்வை மங்கியவர்), அஃரஜ் (கால் ஊனமானவர்) என்ற பெயர்களால் பெரும் அறிவிப்பாளர்கள் குறிப்பிடப்படுகிறார்களே என்று கேட்கலாம். குறை சொல்லும் நோக்கமின்றி, அறிமுகத்துக்காக மட்டும், அப்பெயராலேயே அறியப்பட்டவரைக் குறிப்பிடலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றவர்கள் விளக்கியிருக்கிறார்கள். வேறு வழியில் அறிமுகப்படுத்த முடிந்தால் அதுவே சிறந்தது என்றும் சொல்கிறார்கள். தெரு, தொழில், தந்தை பெயர் இருக்கும்போது ஊனத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மருத்துவ உதவி கேட்கும் செய்திகளில் ஆதார் எண், வங்கி அட்டை எண் போன்றவற்றைப் பரப்புவதும் வேண்டாம். அவை அலுவலகத்துக்கு உரிய அடையாளங்கள். மக்களிடையே ஒருவரைக் காட்டித் தர அவர் மகன் யார், எந்த ஊர், என்ன தொழில், என்ன வயது என்பவை போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஜனாஸா அறிவிப்புக்கும் நிக்காஹ் பதிவேட்டுக்கும் உதவி விண்ணப்பத்துக்கும் தந்தை பெயர், பாட்டனார் பெயர், தெரு அல்லது வீட்டுப் பெயர், தொழில், வயது என்ற ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரே படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அஹ்மத் இப்னு ஜஅஃபர்கள் நால்வரில் முஸ்னதை அறிவித்தவர் யார் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால், பக்தாதின் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரையும் யாரோ மறக்காமல் சேர்த்து எழுதியதால்தான்.