ஐந்நூறு டாலர் கணக்கும் பத்து அவுன்ஸ் தங்கமும்

புரோக்கர்களின் திரையில் XAUUSD என்று காட்டப்படுவது, ஒரு டிராய் அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலை. ஒரு டிராய் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 31.1 கிராம். இந்தத் திரையில் ஒருவர் தங்கம் வாங்கினாலும் அவர் கைக்குத் தங்கம் வருவதில்லை. வாங்கிய விலைக்கும் முடித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரோக்கரும் அவரும் பணமாகத் தீர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். விலை இறங்கும் என்று நினைப்பவர் கையில் தங்கம் இல்லாமலேயே முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி முடிக்கலாம்.

வணிகத்தின் அளவு லாட் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒரு லாட் 100 அவுன்ஸ், 0.10 லாட் 10 அவுன்ஸ். பெரும்பாலான புரோக்கர்கள் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவான 0.01 லாட் ஓர் அவுன்ஸ். ஆகவே 0.10 லாட் வைத்திருப்பவருக்கு விலை ஒரு டாலர் நகர்ந்தால் பத்து டாலர் லாபமோ நட்டமோ வரும். 0.10 என்ற எண் பார்வைக்குச் சிறியது. ஆனால் அவுன்ஸ் 1,760 டாலராக இருக்கும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் 17,600 டாலர் மதிப்புள்ள தங்கம் இருக்கிறது.

அவ்வளவு பணம் இல்லாதவரையும் அந்த வணிகத்தில் இறங்கவிடுவது லெவரேஜ். 1:500 லெவரேஜ் தரும் புரோக்கரிடம் 17,600 டாலர் தங்கத்துக்கு 35 டாலர் 20 சென்ட் மார்ஜின் போதும். மார்ஜின் என்பது வணிகம் முடியும்வரை பிடித்து வைக்கப்படும் பிணைத்தொகை. கணக்கில் 500 டாலர் போட்டவருக்கு, அதில் 35 டாலர்தான் இந்த வணிகத்தில் இருக்கிறது என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் 500 டாலரும் பணயத்தில் இருக்கிறது. நட்டம் மார்ஜினிலிருந்து கழிக்கப்படுவதில்லை. கணக்கின் மொத்த இருப்பிலிருந்து கழிக்கப்படுகிறது. இருப்பு, மார்ஜினின் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே போனதும் புரோக்கரின் கணினி வணிகத்தைத் தானாகவே மூடிவிடும். இதற்கு ஸ்டாப் அவுட் என்று பெயர். பல இடங்களில் அந்த எல்லை 50 விழுக்காடு.

2021 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது திங்கட்கிழமை. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் விடுமுறை என்பதால் ஆசியச் சந்தையில் வாங்குவோர் குறைவு. அதற்கு முந்தைய வெள்ளியன்று வெளியான அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கால் தங்கம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதிகாலை நேரத்தில் விற்பனை குவிந்து, சுமார் 1,760 டாலரில் இருந்த விலை சில நிமிடங்களில் 1,690க்கும் கீழே போனது. அன்றே பெரும்பகுதி மீண்டு, 1,730ஐ ஒட்டி நின்றது.

1,760இல் 0.10 லாட் வாங்கி வைத்திருந்த 500 டாலர் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 48 டாலர் இறங்கினால் 480 டாலர் நட்டம். ஏறத்தாழ 1,712க்கு வந்தபோதே ஸ்டாப் அவுட் எல்லை தொடப்பட்டு வணிகம் மூடப்பட்டிருக்கும். கணக்கில் மிஞ்சுவது சுமார் 18 டாலர். விலை வேகமாகச் சரிந்த நேரத்தில் அந்த 1,712இலேயே முடிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. அடுத்துக் கிடைக்கும் விலையில்தான் முடியும், அது இன்னும் கீழே இருக்கலாம். முன்கூட்டியே போட்டு வைக்கும் ஸ்டாப் லாஸ் ஆணைக்கும் இதே நிலைதான். பிறகு விலை ஏறியதால் இந்தக் கணக்குக்கு ஒரு பயனும் இல்லை. அதே 500 டாலரில் ஓர் அவுன்ஸ் மட்டும் வாங்கியிருந்தவர், விலை அடிமட்டத்தில் இருந்தபோது 75 டாலர் போல நட்டத்தைக் கண்டிருப்பார். வணிகம் திறந்தபடியே இருந்திருக்கும். இருவரின் கணிப்பும் ஒன்றுதான். வேறுபட்டது அளவு மட்டுமே.

இப்படிப்பட்ட சரிவு அபூர்வம். சாதாரண நாள்களிலும் கணக்கு கரைந்துகொண்டேதான் இருக்கிறது, அதற்குக் காரணம் செலவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் புரோக்கர் வைக்கும் இடைவெளி ஸ்பிரெட். அது 30 சென்ட் என்று வைத்தால், பத்து அவுன்ஸ் வணிகம் ஒவ்வொன்றுக்கும் மூன்று டாலர் போகிறது. நாளுக்கு ஐந்து வணிகம், மாதம் இருபது நாள் என்றால் 300 டாலர். அதாவது 500 டாலர் கணக்கின் 60 விழுக்காடு. அந்த அளவு லாபம் ஈட்டினால்தான் மாதக் கடைசியில் தொடங்கிய இடத்திலேயே நிற்க முடியும். வணிகத்தை இரவு தாண்டி வைத்திருந்தால் ஸ்வாப் என்ற வட்டியும் உண்டு. அது 35 டாலர் மார்ஜினுக்கு அல்ல, 17,600 டாலருக்கும் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய மூன்று டாலர்.

நட்டம் வந்த பிறகு மனம் செயல்படும் விதம் மீதியைச் செய்கிறது. சிறு லாபத்தை அவசரமாக எடுத்துக்கொண்டு, நட்டத்தை மட்டும் விலை திரும்பும் என்று காத்து வைத்திருப்பது பலரின் இயல்பு. ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1985இலேயே இதைப் பங்கு முதலீட்டாளர்களிடம் விவரித்தார்கள். தங்க வணிகத்தில் இது, விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கும் பழக்கமாக வளர்கிறது. பத்து அவுன்ஸ் இருபதாகும். தாங்கக்கூடிய இறக்கமோ பாதியாகக் குறையும். 500 டாலர் 250 ஆகிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்ப 100 விழுக்காடு லாபம் வேண்டும். அதை விரைவில் ஈட்ட நினைப்பவர் லாட்டைப் பெரிதாக்குகிறார்.

எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பல புரோக்கர்கள் வாடிக்கையாளரின் ஆணையை வெளிச்சந்தைக்கு அனுப்பாமல் தாங்களே எதிர்த்தரப்பாக நிற்கிறார்கள். அங்கே வாடிக்கையாளரின் நட்டம் புரோக்கரின் வருமானம். ஆள் சேர்த்துவிடும் இடைத்தரகர்களுக்கு, சேர்ந்தவர் வணிகம் செய்யும் லாட் கணக்கில் கமிஷன் கிடைக்கிறது. அவர் வென்றாலும் தோற்றாலும் அது வரும்.

ஐரோப்பியச் சந்தை ஒழுங்காணையமான எஸ்மா 2018இல் இத்தகைய ஒப்பந்தங்களை ஆராய்ந்தபோது, சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை பணம் இழப்பதாகத் தெரிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் தங்கத்துக்கான லெவரேஜை 1:20 என்று கட்டுப்படுத்தியது. இந்தக் கட்டுப்பாட்டின் கீழ் பத்து அவுன்ஸுக்கு 880 டாலர் மார்ஜின் தேவை. 500 டாலர் கணக்கு அந்த வணிகத்தைத் திறக்கவே முடியாது. இந்தியாவில் இருப்பவர் வெளிநாட்டுப் புரோக்கரிடம் இப்படி மார்ஜின் கட்டுவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அனுமதி இல்லை. அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. எம்சிஎக்ஸ் சந்தையின் தங்க ஒப்பந்தங்கள் சட்டப்படியானவை. ஆனால் அவையும் மார்ஜினில் நடப்பவைதான், மேலே சொன்ன கணக்கு அங்கும் பொருந்தும்.

ஒரு கணக்கு தங்கத்தைத் தாங்குமா என்பதை வணிகத்துக்கு முன்பே அறியலாம். அனுபவசாலிகள் ஒரு வணிகத்தில் கணக்கின் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழக்கத் துணிவதில்லை. 500 டாலரில் அது பத்து டாலர். அவுன்ஸ் 1,760 டாலராக இருந்தபோது ஒரு விழுக்காட்டு அசைவே 17 டாலரைத் தாண்டியது; ஓர் அவுன்ஸ் வாங்கினாலும் அந்த எல்லை ஒரே நாளில் மீறப்படும். 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைக் கடந்தபின் அதே ஒரு விழுக்காடு 40 டாலர். அதைத் தாங்க ஓர் அவுன்ஸுக்கே 2,000 டாலர் கணக்கு வேண்டும். அதற்குக் குறைவான பணத்தோடு இறங்குபவருக்கு, திரையில் கிடைக்கும் மிகச் சிறிய வணிகமே அவருடைய சக்திக்கு மீறியது.