பேதிக்கு ஏன் ஆன்டிபயாடிக் தருவதில்லை?

ஒன்பது கிலோ எடையுள்ள 14 மாதக் குழந்தை. காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. கண் குழிந்து, தாகத்தில் தவிக்கிறது. மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதாமல் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டினால் பெற்றோருக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் இந்த வயதில் தண்ணீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் காரணம் ரோட்டா போன்ற வைரஸ்கள். அவற்றிடம் ஆன்டிபயாடிக் செல்லாது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, சில சமயம் பேதியை அதுவே நீட்டித்துவிடும். குழந்தைக்கு ஆபத்து கிருமியைவிட நீரிழப்பால்தான். அதனால் கிலோவுக்கு 75 மில்லி வீதம் சுமார் 675 மில்லி கரைசலை நான்கு மணி நேரத்தில் கரண்டி கரண்டியாகப் புகட்டுவார்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை. பேதி நின்றதும் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்தால் கணக்கு மாறுகிறது. அது சீதபேதி. முக்கியக் காரணம் ஷிகெல்லா பாக்டீரியா. அது குடல் சுவரையே துளைத்துப் புண்ணாக்கும். இங்கே மருத்துவர் தேர்ந்தெடுக்கும் ஆன்டிபயாடிக் அவசியம். இரண்டு நாளில் காய்ச்சலும் ரத்தமும் குறையாவிட்டால், கிருமி அந்த மருந்துக்கு மசியவில்லை என்று சந்தேகித்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். வெறும் சளி மட்டும் கண்டால் அது சீதபேதி ஆகிவிடாது. கடுமையான காலரா இன்னொரு விதிவிலக்கு. அங்கும் முதலில் நீர்தான்.