லேசான கல், லேசான பூச்சு

தென்காசியில் ஒரு மாடி அறையைத் தடுக்க 10 அடிக்கு 10 அடி சுவர் வேண்டும். கீழே பீம் இல்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூசும் முன்பே சுமார் 2 டன் கனக்கும். 4 அங்குல ஏஏசி பிளாக்கில் அரை டன்னுக்குச் சற்று மேல். அலுமினியப் பொடி கிளப்பிய வாயுக் குமிழிகள் பிளாக்குக்குள் நிறைந்திருப்பதே காரணம். அப்போதும் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

சிக்கல் கலவையில்தான். செங்கலை ஊறவைத்துக் கட்டிப் பழகிய கொத்தனார் பிளாக்கையும் நனைத்துவிடுவார். கூடாது. ஊறிய பிளாக் பின்னால் காயும்போது சுருங்கி, இணைப்பு வழியே படிக்கட்டுபோல் விரிசல் விடும். குற்றாலச் சாரல் காலத்தில் தார்ப்பாய் போடாத அடுக்குக்கும் இதே கதிதான். காய்ந்த பிளாக்கிலோ சாதாரணச் சிமென்ட் கலவையின் நீரைக் கல்லே உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகாமல் பொடியாக உதிரும். மூட்டையில் வரும் பிளாக் ஒட்டுக்கலவை நீரைப் பிடித்துவைப்பதால் 3 மில்லிமீட்டர் தடிமனே போதும். தூசியைத் துடைத்து, மேற்பரப்பை லேசாக ஈரமாக்கினால் சரி.

பூச்சுக்கு 1:3 கலவை வேண்டாம். கல்லைவிடக் கெட்டியாகிச் சுருங்கி, பிரிந்து வரும். தட்டினால் ‘டொக்’கென்று பொள்ளலாகக் கேட்கும். 1:6 கலவையில் அரை அங்குலத்துக்குள் பூசி, தூணும் பிளாக்கும் சேருமிடத்தில் வலை பதிக்கலாம்.

குளியலறைத் தடுப்புக்கு மட்டும், கீழே பீம் இருந்தால், என் ஓட்டு செங்கலுக்கே.