பூமியை எப்படி வெட்டினால் அதன் நிறை கிடைக்கும்?

1798இல் ஹென்றி கேவென்டிஷ் லண்டனில் தம் வீட்டில் ஒரு சோதனையை நடத்தி முடித்தார். ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் மிக மெல்லிய விசையை அளந்த அவர், பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று அறிவித்தார். இன்று ஏற்கப்படும் மதிப்பு 5.51. ஆனால் நம் காலடியில் கிடக்கும் கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்குதான். மேற்பரப்பு இவ்வளவு லேசாக இருந்தும் சராசரி அதைவிட இரண்டு மடங்கு என்றால், உள்ளே போகப் போக அடர்த்தி கூடியே ஆக வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி உள்ள பொருளின் நிறையைக் காண பள்ளிக் கணக்கு போதும். கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் முடிந்தது. அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும்போது அந்தப் பெருக்கல் உதவாது. பொருளை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் கன அளவையும் அங்குள்ள அடர்த்தியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளிலும் நடக்கும் இந்தக் கூட்டலைத்தான் கல்லூரிக் கணிதத்தில் மும்மைத் தொகையீடு என்கிறார்கள்.

M = ∭ ρ dV

இதில் ρ அடர்த்தி, dV மிகச் சிறிய துண்டின் கன அளவு. எழுதுவதற்கு ஒரு வரிதான். எந்த வடிவத்தில் நறுக்குவது என்பதில்தான் சிரமமே இருக்கிறது.

எளிய மாதிரி ஒன்று

பூமியையே எடுத்துக்கொள்வோம். அதன் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். மையத்தில் அடர்த்தி கனமீட்டருக்கு சுமார் 13,000 கிலோ. மேற்பரப்பில் 3,000 கிலோ என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். நடுவில் சீராகக் குறைகிறது என்று கொண்டால், மையத்திலிருந்து r தொலைவில் அடர்த்தி இப்படி இருக்கும்:

ρ(r) = 13000 − 10000 (r/R)

அவசரக்காரர் 13,000ஐயும் 3,000ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, 8,000 என்று சராசரி எடுத்துவிடுவார். அப்படி எடுத்தால் பூமியின் நிறை 8.67 × 10²⁴ கிலோ என்று வரும். உண்மையான நிறை 5.97 × 10²⁴ கிலோ. கிட்டத்தட்ட 45 விழுக்காடு அதிகம்! தவறு எங்கே? மையத்திலிருந்து பாதி ஆரம் வரை உள்ள பகுதி பூமியின் பாதி அல்ல, எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கும் வெளிப்பக்கத்தில், அடர்த்தி குறைந்த பகுதியில் இருக்கிறது. ஆகவே சராசரி கீழே இறங்கத்தான் வேண்டும். எந்த அடர்த்திக்கு எவ்வளவு இடம் சொந்தம் என்ற இந்தக் கணக்கைத் தொகையீடு தானே பார்த்துக்கொள்கிறது.

கனசதுரமாக நறுக்கினால்

x, y, z என்ற வழக்கமான ஆயங்களில் தொடங்கிப் பார்ப்போம். துண்டுகள் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் கன அளவும் dx dy dz. துண்டைப் பொறுத்தவரை இதைவிட எளிது எதுவுமில்லை. ஆனால் எல்லைகளைப் பாருங்கள். z ஆனது −√(R²−x²−y²) முதல் +√(R²−x²−y²) வரை ஓட வேண்டும். Y ஆனது −√(R²−x²) முதல் +√(R²−x²) வரை. போதாததற்கு அடர்த்திக்குள் இருக்கும் r, √(x²+y²+z²) ஆகிவிடுகிறது. விடை கிடைக்காது என்பதில்லை. பொறுமை உள்ளவருக்குப் பல பக்கங்கள் கழித்துக் கிடைக்கும். வர்க்கமூலங்களுக்குள் வர்க்கமூலங்கள் நுழைவது, கணக்கு கடினம் என்பதற்கான அடையாளமல்ல. தேர்ந்தெடுத்த ஆயங்கள் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம்.

கோள ஆயங்கள்

பூமியில் ஒரு புள்ளியைக் குறிக்க நாம் ஏற்கெனவே வேறொரு முறையைப் பயன்படுத்துகிறோம்: அட்சரேகை, தீர்க்கரேகை. இவற்றோடு மையத்திலிருந்து உள்ள தொலைவையும் சேர்த்தால் கோள ஆயங்கள் கிடைத்துவிடும். கணிதத்தில் அட்சரேகையை நிலநடுக்கோட்டிலிருந்து அளக்காமல், வட துருவத்திலிருந்து இறங்கும் கோணம் θ என அளப்பது வழக்கம். அது 0 முதல் π வரை செல்லும். தீர்க்கரேகைக் கோணம் φ, 0 முதல் 2π வரை ஒரு முழுச் சுற்று.

இதில் துண்டின் கன அளவு dr dθ dφ அல்ல. காரணத்தை வரைபடத்திலேயே காணலாம். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 111 கிலோமீட்டர். 60 டிகிரி வடக்கே போனால் அதே ஒரு டிகிரி பாதியாகச் சுருங்கிவிடும். துருவத்தில் ஒன்றுமே இல்லாமல் போகும். இந்தச் சுருக்கத்தைக் காட்டுவது sin θ. மையத்தை நோக்கிப் போகப் போக இரண்டு கோணத் திசைகளிலும் துண்டு குறுகும். அதைக் காட்டுவது r². எனவே துண்டின் மூன்று பக்கங்கள் dr, r dθ, r sin θ dφ. பெருக்கினால்

dV = r² sin θ dr dθ dφ

இப்போது கணக்கு எப்படித் திறந்துகொள்கிறது என்று பாருங்கள். நம் அடர்த்தியில் கோணமே இல்லை, r மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மூன்று தொகையீடுகளும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். φ கொடுப்பது 2π. sin θஐ 0 முதல் π வரை தொகையிட்டால் 2. இரண்டையும் பெருக்க 4π. மீதி இருப்பது ஒரே ஒரு சாதாரணத் தொகையீடு:

M = 4π ∫ (13000 − 10000 r/R) r² dr, r = 0 முதல் R வரை

M = 4πR³ (13000/3 − 10000/4) = 4πR³ × 1833.3

R = 6.371 × 10⁶ மீட்டர் என்று இட்டால் விடை 5.96 × 10²⁴ கிலோ. சராசரி அடர்த்தி கனமீட்டருக்கு 5,500 கிலோ. கேவென்டிஷ் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில், இன்றைய மதிப்புக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கிறோம்.

பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

மாணவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, r² sin θஐ மறந்துவிடுவது. அப்போது விடையின் அலகு கிலோவாக வராது. சதுரமீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். இன்னொன்று, θஐயும் ஒரு முழுச் சுற்று, அதாவது 2π வரை ஓடவிடுவது. அப்போது sin θவின் நேர்ப்பகுதியும் எதிர்ப்பகுதியும் ஒன்றையொன்று அழித்து, பூமியின் நிறை பூஜ்யம் என்று விடை வரும். எதில் சறுக்கினாலும் காட்டிக்கொடுக்க ஒரே சோதனை போதும்: அடர்த்தி இருக்கும் இடத்தில் 1 என்று போட்டு, முதலில் கன அளவை மட்டும் கணக்கிடுங்கள். 4πR³/3 வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது

உருண்டை என்றால் கோள ஆயங்கள், உருளை என்றால் உருளை ஆயங்கள் என்று மனப்பாடம் செய்வது பாதி உண்மைதான். ஓர் அரைக்கோளத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். ஆரம் 2 மீட்டர், வாய் மேல் நோக்கி இருக்கிறது. உள்ளே சேற்று நீர். மேலே கனமீட்டருக்கு 1,000 கிலோ, அடியில் 1,400 கிலோ. ஆழம் z கூடக் கூட அடர்த்தி சீராகக் கூடுகிறது. வடிவம் கோளத்தின் பாதிதான். ஆனால் அடர்த்தி மையத்திலிருந்து உள்ள தொலைவைக் கேட்பதில்லை, ஆழத்தை மட்டுமே கேட்கிறது.

இதில் கோள ஆயங்களைப் போட்டால் அடர்த்திக்குள் r cos θ என்று கோணமும் தொலைவும் பின்னிக்கொள்ளும். சீராகக் கூடும் அடர்த்தி என்பதால் சமாளித்துவிடலாம். ஆழத்தோடு அடுக்குக்குறியாக மாறும் அடர்த்தி என்றால் வேலை சிக்கலாகும். மாறாக, தொட்டியைக் கிடைமட்டமாக மெல்லிய வட்டத் தட்டுகளாக நறுக்குங்கள். z ஆழத்தில் தட்டின் பரப்பு π(4 − z²). அந்தத் தட்டு முழுவதும் ஒரே அடர்த்தி, 1000 + 200z. இரண்டையும் பெருக்கி, z = 0 முதல் 2 வரை ஒருமுறை தொகையிட்டால் விடை சுமார் 19,270 கிலோ.

இரண்டு கணக்குகளிலும் செய்தது ஒன்றே. பூமியில் அடர்த்தி மாறாத பரப்புகள் கோள ஓடுகள். தொட்டியில் கிடைமட்டத் தட்டுகள். அந்தப் பரப்புகளின் வழியே வெட்டியதால்தான் மூன்று தொகையீடுகள் ஒன்றாகச் சுருங்கின.

நிறை சொல்லாத ரகசியம்

நம் பூமிக் கணக்கு இவ்வளவு துல்லியமாக வந்ததால், அடர்த்தி நிஜமாகவே நேர்கோட்டில் குறைகிறது என்று எண்ணிவிடக் கூடாது. நிறை என்பது ஒரே ஓர் எண். அதே எண்ணைத் தரும் அடர்த்திகள் எண்ணற்றவை. இரண்டாவது சாட்சி வேண்டும். பூமி தன் அச்சில் சுழல்வதால் அப்படியொரு சாட்சி கிடைக்கிறது: நிலைமத் திருப்புத்திறன். இது ஒவ்வொரு துண்டின் நிறையையும் அச்சிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுவது. அதை MR²ஆல் வகுத்தால், ஒரே சீரான உருண்டைக்கு 0.4 வரும். நம் நேர்கோட்டு மாதிரிக்கு 0.339. உண்மையான பூமிக்கு 0.331. அதாவது, நாம் நினைத்ததைவிட அதிகமான நிறை மையத்தை ஒட்டிக் குவிந்திருக்கிறது.

குவிந்திருப்பது இரும்பு. 1890களின் பிற்பகுதியில் ஜெர்மானியர் எமில் வீகர்ட், பூமிக்குள் கனமான உலோகக் கரு இருக்க வேண்டும் என்று இத்தகைய கணக்குகளிலிருந்தே வாதிட்டார். பின்னர் நிலநடுக்க அலைகள் அதை உறுதிசெய்தன. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் அடர்த்தி ஏறக்குறைய 5,570இலிருந்து 9,900க்கு ஒரே தாவலில் உயர்கிறது. ஆடம் ஜியெவோன்ஸ்கியும் டான் ஆண்டர்சனும் 1981இல் வெளியிட்ட பூமி மாதிரி, ஒவ்வோர் அடுக்குக்கும் தனிச் சமன்பாடு தருகிறது. அதில் நிறையைக் காணும் முறை நாம் செய்ததேதான். 4πr²ஐ அடர்த்தியால் பெருக்கி, தாவல் உள்ள ஒவ்வோர் இடத்திலும் தொகையீட்டை நிறுத்தி, அடுத்த சமன்பாட்டுடன் மீண்டும் தொடங்க வேண்டும். தாவலைக் கவனிக்காமல் ஒரே கோட்டால் கடந்துவிட்டால், நிறை சரியாக வந்தாலும் உட்பகுதி தவறாகிவிடும்.

ஆகவே தேர்வில் இத்தகைய கணக்கு வந்தால், எல்லைகளை எழுதுவதற்கு முன் அடர்த்தி எந்தப் பரப்பில் மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். பொருளின் எல்லையும் அந்தப் பரப்புகளோடு ஒத்துப்போனால் ஒரே தொகையீட்டில் முடியும். இரண்டும் ஒத்துப்போகாதபோது அடர்த்தியின் பக்கமே நில்லுங்கள். வெட்டுமுகத்தின் பரப்பைச் சொல்ல முடிந்தால் கணக்கு பெரும்பாலும் அந்த வழியிலேயே எளிதில் முடியும்.