கையில் இரண்டு ஆஃபர்: ஒன்றை எப்படி விடுவது?

சென்னை ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ராஜினாமா கொடுக்கும் அன்று கையில் ஓர் ஆஃபர் இருக்கும். அந்த மூன்று மாதம் முடிவதற்குள் இன்னொன்றும் வந்து சேரும். அவசரமாக ஆள் தேடும் நிறுவனங்களுக்கு, ஏற்கெனவே நோட்டீஸில் இருப்பவர்தான் முதலில் கண்ணில் படுவார். அதனால் ஒன்றுக்குச் சம்மதம் சொன்ன பிறகு மற்றதை மறுக்கும் சங்கடம் இங்கே சர்வசாதாரணம். பலர் அதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், செய்வதே இல்லை. எச்.ஆர். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. சேர வேண்டிய நாளன்று போவதுமில்லை.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மனம் வராது. ஓர் ஆஃபர் லெட்டர் வெளியே வருவதற்கு முன், ஆள் கேட்ட மேனேஜர் அந்த இடத்துக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கியிருப்பார், இரண்டு மூன்று சுற்று இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருப்பார், சம்பளத்துக்காக எச்.ஆரிடம் வாதாடியிருப்பார். உங்களுக்கு அடுத்தபடியாகத் தேறிய ஒருவரைக் காத்திருக்கவும் வைத்திருப்பார்கள். நீங்கள் ஒரு வாரத்துக்குள் 'வரவில்லை' என்று சொன்னால் அடுத்த போன் அவருக்குப் போகும், வேலை நடக்கும். எண்பத்தைந்தாம் நாள் சொன்னால் அவர் வேறெங்கோ சேர்ந்திருப்பார். புராஜெக்டில் நாற்காலி காலி, கிளையன்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேனேஜர். மறுத்ததை அவர் மறந்துவிடுவார். எப்போது, எப்படி மறுத்தீர்கள் என்பதை மறக்க மாட்டார்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பெருங்குடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஒரு பெண். ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். முதல் நிறுவனம் 13 லட்சம் தருவதாகச் சொல்லி, அவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு நிறுவனத்திடமிருந்து 14 லட்சத்துக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது, மூன்று நாளில் பதில் சொல்லும்படி. ஆனால் அவர் ஆசைப்படும் ஆட்டோமேஷன் வேலை முதல் இடத்தில்தான் இருக்கிறது. போவது அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டாவதை விடுவதற்கு முன் அவர் பார்க்க வேண்டியது முதலாவது உறுதிதானா என்று. சம்பள விவரமும் சேரும் தேதியும் எழுத்தில் இருக்கின்றனவா? கேட்ட சான்றிதழ்களையெல்லாம் கொடுத்தாயிற்றா? வாய்வார்த்தை மட்டும்தான் என்றால், அதை எழுத்தில் வாங்கும் வரை இரண்டாமவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம். காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு இடத்து விஷயம் முடிவாக வேண்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சிலர் முதல் நிறுவனத்தில் காலெடுத்து வைக்கும் நாள்வரை இரண்டாவது ஆஃபரையும் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆஃபர் கொடுத்த பிறகு சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட நிறுவனங்கள் உண்டு. கொடுத்ததைத் திரும்பப் பெற்றவையும் உண்டு. ஆனாலும், எழுத்தில் ஆஃபர் வந்து, சரிபார்ப்பும் தடங்கலின்றி நகர்கிறது என்றால் இரண்டாவதை விட்டுவிடுவதுதான் சரி என்பேன். உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் பிடித்துவைத்திருப்பது இன்னொருவர் காத்துக்கொண்டிருக்கும் இடம்.

இனி யாரிடம் சொல்வது? ஆஃபர் அனுப்பியவர் எச்.ஆர். என்பதால் அவருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு முடித்துக்கொள்பவர்களே அதிகம். ஆனால் பின்னாளில் உங்களை மறுபடி கூப்பிடப் போகிறவர் இன்டர்வியூ எடுத்த அந்த மேனேஜர். அவரும் நாளைக்கு வேறு நிறுவனம் போவார். அங்கே ஆள் தேவைப்படும்போது தெரிந்த பெயர்களைத்தான் முதலில் நினைப்பார். அதனால் அவருக்கு ஒரு போன் போட வேண்டும். நம்பர் இல்லையென்றால் எச்.ஆரிடம் சொல்லி ஐந்து நிமிடம் நேரம் வாங்கலாம்.

"சார், உங்க ஆஃபருக்கு ரொம்ப நன்றி. ஆனா இன்னொரு கம்பெனிக்கு ஏற்கெனவே ஓகே சொல்லிட்டேன், அங்கதான் சேரப்போறேன். மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நேரா சொல்லிடணும்னு கூப்பிட்டேன்."

அவர் சும்மா விடமாட்டார். "எவ்வளவு தர்றாங்க? எச்.ஆர்.கிட்ட பேசி பதினஞ்சரை வாங்கித் தரேன்மா." இதற்கான பதிலைப் போன் செய்வதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றால் மறுப்பு பேரமாகிவிடும்; அவர் அனுமதி வாங்க ஓடுவார், நாலு நாள் கழித்து மறுபடி நீங்கள் முடியாது என்பீர்கள். கதவு மூடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது மறுப்பில்தான். "சம்பளம் உங்களோடதுதான் சார் அதிகம். அங்க ஆட்டோமேஷன் வேலை. அதுவும் இல்லாம, வாக்கு கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எந்தக் கம்பெனி என்று கேட்டால், சேர்ந்த பிறகு சொல்கிறேன் சார் என்று சொல்லலாம், தப்பில்லை.

பொய் மட்டும் வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலை மாறும் எண்ணத்தையே விட்டுவிட்டேன் என்றெல்லாம் சொல்கிறார்கள். அடுத்த மாதம் லிங்க்ட்இன்னில் புது நிறுவனத்தின் பெயர் ஏறும். முதலில் பார்ப்பவர்களில் அந்த மேனேஜரும் இருப்பார்.

போன் முடிந்த கையோடு எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு மெயில். தலைப்பில் பதவியின் பெயரும் ஆஃபர் எண்ணும் இருக்கட்டும். உள்ளே நாலே வரி போதும்: இந்த ஆஃபரை ஏற்க இயலவில்லை, வேறோர் இடத்தில் சேர முடிவு செய்துவிட்டேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பின்னர் வாய்ப்பு அமைந்தால் உங்கள் குழுவில் வேலை செய்ய விருப்பம். இன்டர்வியூவில் பேசிய ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொன்னால் அது சம்பிரதாய வரியாகத் தோன்றாது. ஆஃபர் போர்ட்டல் வழியாக வந்திருந்தால் அங்கேயும் மறுப்பைப் பதிய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறுத்தவர், சொல்லாமல் வராதவர் என்று தனித்தனியாகக் குறித்துவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அடுத்த முறை உங்கள் ரெஸ்யூமே உள்ளே போகும்போது அந்தக் குறிப்பும் கூடவே திறக்கும்.

கன்சல்டன்சி மூலம் வந்த ஆஃபர் என்றால் அவர்களிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும். பொதுவாக ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன், சத்தம் போடக்கூடும். கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டவர் நிலைமை இதைவிடக் கடினம். விருப்பமில்லாதவரை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஜாயினிங் போனஸ், இடம் மாறும் செலவு போன்றவை முன்கூட்டியே வந்திருந்தால் திருப்பித் தர வேண்டியிருக்கும். லெட்டரில் அதற்கான வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டுக்கு லேப்டாப் வந்திருந்தால் அவர்கள் கேட்கும் முன்பே எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேளுங்கள். போனில், "கையெழுத்துப் போட்டுட்டு மாறுறது என் தப்புதான் சார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். கோபப்பட்டால் நியாயம் பேசாமல் கேட்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, அந்த இடத்துக்கு உண்மையிலேயே பொருத்தமான நண்பர் யாராவது இருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு அவருடைய ரெஸ்யூமேயை அந்த மேனேஜருக்கு அனுப்பலாம். எத்தனை முறை நன்றி சொன்னாலும் இதற்கு ஈடாகாது. அவருடைய காலி நாற்காலிக்கு நீங்கள் ஒரு வழி காட்டியிருக்கிறீர்கள். பொருத்தமில்லாதவரை அனுப்புவதைவிட அனுப்பாமலிருப்பது மேல்.

இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா என்ற கேள்வி இருந்தால், ஆம் என்றே குறியுங்கள். முதல் சுற்றிலேயே, அவர்கள் கேட்பதற்கு முன், அன்று ஆஃபரை மறுத்ததையும் யாரிடம் பேசி மறுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த மேனேஜர் இன்னும் அங்கேயே இருந்தால், இன்டர்வியூ எடுப்பவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.