முடி அனுப்பிய ஓலை

கவிதையில் ஆகுபெயரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டுவதற்காக நானே நான்கு வரிகள் எழுதிக்கொண்டேன்.

முடி ஓலை அனுப்பியது.
ஊர் அன்றிரவு உறங்கவில்லை.
விடியலில் நாற்பது தோள்கள் கிளம்பின;
அறுவடைக்கு முன்பே வளையல்கள் உடைந்தன.

முதலில் பார்க்க வேண்டியது வினைச்சொல்லை. முடி ஓலை அனுப்புமா? ஊருக்கு உறக்கம் உண்டா? பெயரும் வினையும் ஒட்டாமல் நிற்கும் இடத்தில், ‘இதை உண்மையில் செய்தது யார்?’ என்று கேட்டால் போதும். ஓலை அனுப்பியவன் அரசன். உறங்காதவர்கள் ஊர் மக்கள். ‘காற்று பாடியது’ என்ற தொடரிலும் பெயரும் வினையும் ஒட்டுவதில்லை. ஆனால் அங்கே இதே கேள்வியைக் கேட்டால், பாடியது காற்றேதான் என்று பதில் வரும். காற்றுக்குப் பின்னால் வேறு யாரும் ஒளிந்திருக்கவில்லை என்பதால் அது ஆகுபெயர் ஆகாது.

ஒளிந்திருப்பவர் அகப்பட்டதும், சொன்ன பொருளுக்கும் சொல்லாத பொருளுக்கும் என்ன உறவு என்று பார்க்கலாம். அரசன் முடியைப் போல இருப்பதில்லை, முடியை அணிந்திருக்கிறான். இடையில் ‘போல’ என்ற சொல் பொருந்தினால் அது பெரும்பாலும் உவமை, உருவகத்தின் பக்கம் போய்விடும். ‘அணிந்தவன்’, ‘அங்கே வாழ்பவர்’, ‘அதை உடையவர்’ என்பது போன்ற சொற்கள் பொருந்தினால் அது ஆகுபெயர்.

ஆங்கிலத்தில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். தொடர்புள்ள ஒன்று நின்றால் மெட்டானமி, உறுப்பு நின்று முழுப்பொருளைச் சுட்டினால் சினெக்டகி. தமிழ் இலக்கணம் இரண்டையும் ஆகுபெயர் என்ற ஒரே குடைக்குள் வைத்து, உறவைப் பொறுத்து உள்ளே பிரிக்கிறது. உறுப்பு நின்றால் சினையாகுபெயர், இடம் நின்றால் இடவாகுபெயர். நன்னூல் இப்படிப் பல வகைகளைச் சொல்லிவிட்டு, ‘முதலியன’ என்ற பொருள் தரும் சொல்லையும் சேர்த்துப் பட்டியலைத் திறந்தே விட்டிருக்கிறது. அதனால் முடிக்கும் அரசனுக்கும் உள்ள உறவு எந்த வகையில் அடங்கும் என்று திணற வேண்டியதில்லை. அது உறுப்பா, உறுப்பல்லாத தொடர்பா என்று தெரிந்தாலே கவிதையைப் படிக்கப் போதும்.

இதில் ‘முடி’ என்ற சொல்லே ஒரு பொறி. தலைமயிர் என்று கொண்டால் அது உடலின் உறுப்பு. மகுடம் என்று கொண்டால் கழற்றி வைக்கக்கூடிய பொருள். நம் வரியில் ஓலை அனுப்பும் அதிகாரம் பேசப்படுவதால் அது மகுடம்தான்.

தமிழில் கிடைக்கும் துப்பு ஒன்று வினையின் விகுதியில் இருக்கிறது. ‘அரசன் அனுப்பினான்’ என்பது ‘முடி அனுப்பியது’ என்றானதும் அரசன் உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கிவிடுகிறான். முகமும் இரக்கமும் இல்லாத ஒரு பொருள் ஆணையிடுகிறது. ‘பொற்றொடி வந்தாள்’ என்ற பாடப்புத்தக எடுத்துக்காட்டில் வினை ‘வந்தாள்’ என்றே இருக்கிறது, அதாவது பெண் பெண்ணாகவே வருகிறாள். இரண்டு சொற்கள் சேர்ந்து வெளியே உள்ள ஒருவரைச் சுட்டும் அது அன்மொழித்தொகை. இரண்டுக்கும் உள்ள எல்லை பற்றி உரையாசிரியர்களிடையே நீண்ட வாதங்கள் உண்டு.

மூன்றாம் வரியில் கிளம்பியவர்கள் ஆண்கள். தோள் அவர்களின் உறுப்பு என்பதால் இது சினையாகுபெயர். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏன் தோள் என்பது. ‘நாற்பது தலைகள்’ என்றிருந்தால் வெறும் எண்ணிக்கையாகியிருக்கும். ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்று நாம் கணக்குப் பார்ப்பது அப்படித்தான். ‘நாற்பது வயிறுகள்’ என்றிருந்தால் பசி முன்னுக்கு வந்திருக்கும். முடிக்குத் தேவைப்பட்டது அவர்களின் வலிமை மட்டுமே, அதனால் தோள்கள் மட்டும் போகின்றன. ஆள் கணக்கா தோள் கணக்கா என்று பார்த்தால் நாற்பது பேர் இருபதாகவும் குறையலாம். அந்தத் தடுமாற்றத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

முதல் வரியில் இன்னொன்று பதுங்கியிருக்கிறது. ஓலை என்பது பனையின் இலை, அரசன் அனுப்பியதோ செய்தி. பழகித் தேய்ந்துபோன ஆகுபெயர் என்பதால் அது கண்ணில் படுவதில்லை. ‘வெற்றிலை நட்டான்’ என்று சொல்லும்போதும் யாரும் இலையை நடுவதில்லை, கொடியைத்தான் நடுகிறார்கள்.

கடைசி வரியில் என் முதல் சோதனை தோற்றுவிடுகிறது. வளையல்கள் உடையக்கூடியவைதான், பெயரும் வினையும் முழுதாகப் பொருந்துகின்றன. கணவனை இழந்தவளின் கையில் வளையலை உடைக்கும் வழக்கம் தெரிந்தவருக்கே அங்கே ஒரு சாவுச் செய்தி கேட்கும். நேர்ப்பொருளில் உடைந்தவை கண்ணாடி வளையல்கள். ஆகுபெயராகப் படித்தால் உடைந்தவர்கள் அவற்றை அணிந்திருந்த பெண்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள அந்த வரி இடம் தருவதில்லை.